வார்ப்பாலை ஊதிய ஒப்பந்தம்: தொழிலாளர்களுக்கான தமிழ் வாசகம்

மொழிபெயர்த்தவன் குறிப்பு: தொகை, தேதி, கெடு எதிலும் கை வைக்கவில்லை. மூலத்தில் கட்டாயமாக உள்ள இடத்தில் ‘வேண்டும்’, விருப்பத்துக்கு விட்ட இடத்தில் ‘லாம்’. 6(ஆ)வில் சங்கப் பிரதிநிதியை ‘அழைக்கலாம்’ என்று வரும் ‘லாம்’ எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் கையெழுத்தானது அதுதான். ‘படி’ என்ற சொல்லைப் பஞ்சப்படி, வாடகைப்படி போன்றவற்றுக்கே வைத்துக்கொண்டேன். குறைதீர்ப்பில் ‘கட்டம்’ என்றேன். ‘வேலை நாள்’ என்றால் ஞாயிறும் பண்டிகை விடுமுறையும் சேராது. வெறும் ‘நாள்’ என்றால் எல்லாம் சேரும். ஐயம் எழுந்தால் ஆங்கில மூலமே செல்லும்.

கோவை பீளமேடு வார்ப்பாலை நிர்வாகமும் தொழிலாளர் சங்கமும் 1947ஆம் ஆண்டு தொழில் தகராறுகள் சட்டம், பிரிவு 18(1)இன்கீழ் 12.04.2023 அன்று செய்துகொண்ட ஒப்பந்தம்.

1. ஒப்பந்தக் காலம் 01.04.2023 முதல் 31.03.2027 வரை.

2. மாத அடிப்படை ஊதிய விகிதம் (ரூபாயில்):
உதவியாளர்: 14,800–250–16,050–300–17,550
மோல்டர், கோர் மேக்கர்: 16,400–300–17,900–350–19,650
உலை இயக்குநர்: 17,600–350–19,350–400–21,350
ஆண்டு உயர்வு ஒவ்வொரு ஏப்ரல் 1 அன்றும் தரப்பட வேண்டும்.
[படிக்கும் முறை, என் விளக்கம்: உதவியாளர் 14,800இல் தொடங்குவார். ஆண்டுக்கு 250 கூடி, ஐந்து உயர்வில் 16,050. பிறகு ஆண்டுக்கு 300 கூடி 17,550இல் நிற்கும்.]

3. பஞ்சப்படி: கோவை மைய நுகர்வோர் விலைக் குறியீட்டெண் 120க்கு மேல் ஏறும் ஒவ்வொரு புள்ளிக்கும் மாதம் ரூ. 45. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கிடப்படும். எண் இறங்கினால் பஞ்சப்படியும் இறங்கும். அடிப்படை ஊதியம் குறையாது.

4. வீட்டு வாடகைப்படி மாதம் ரூ. 1,200. இரவு ஷிப்டுப்படி ஷிப்டுக்கு ரூ. 60. உலைப்படி நாளுக்கு ரூ. 45, உலோகம் உருக்கி ஊற்றும் நாளில், உலைப் பகுதியில் வேலை செய்தவருக்கு மட்டும்.

5. நாளில் 9 மணி நேரத்துக்கோ வாரத்தில் 48 மணி நேரத்துக்கோ மேற்பட்ட வேலைக்கு இரட்டை ஊதியம் தரப்பட வேண்டும்.

6. குறைதீர்ப்பு:
(அ) முதற்கட்டம்: தொழிலாளி தன் மேற்பார்வையாளரிடம் வாய்மொழியாகவோ எழுத்திலோ கூறலாம். மேற்பார்வையாளர் 3 வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும்.
(ஆ) இரண்டாம் கட்டம்: பதில் வராவிட்டாலோ நிறைவளிக்காவிட்டாலோ, பணியாளர் மேலாளருக்கு எழுத்தில் முறையிடலாம். மேலாளர் 7 வேலை நாளுக்குள் எழுத்தில் முடிவு தர வேண்டும். விசாரணைக்குச் சங்கப் பிரதிநிதியை அழைக்கலாம்.
(இ) மூன்றாம் கட்டம்: இரு தரப்பிலும் மூவர் கொண்ட குழு 15 நாளுக்குள் முடிவு செய்ய வேண்டும்.
(ஈ) அங்கும் தீராவிட்டால், எத்தரப்பும் சமரச அலுவலரை அணுகலாம்.
மூன்று கட்டங்களும் முடியும்வரை அப்பிரச்சினைக்காக வேலைநிறுத்தமோ கதவடைப்போ கூடாது.

7. சங்க உறுப்பினரல்லாத தொழிலாளர் தனியே கையெழுத்திட்டு இவ்வொப்பந்தத்தை ஏற்கலாம்.

8. 01.04.2023 முதலான நிலுவைத் தொகை 2023 மே மாதச் சம்பளத்துடன் தரப்பட வேண்டும்.