பட்டுப் பிரிவு விற்பனையாளர்: தீபாவளிக்குப் பின் வேலை மதிப்பீடு

தங்கச்சி, ஒரு வருஷமாக நீ பார்த்த வேலையைப் பற்றி எழுதியிருக்கிறேன். ஒரு படி உனக்கு, ஒரு படி முதலாளிக்கு. பத்துக்கு எத்தனை என்று மார்க் போடச் சொன்னார், போட்டிருக்கிறேன், ஆனால் மார்க்கைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடாதே, காரணத்தையும் படி.

சரக்கைப் பற்றிய அறிவு: 8. போன பொங்கலுக்கு லுங்கி, காட்டன் கவுண்டரிலிருந்து இங்கே வந்தபோது குடியாத்தம் லுங்கி பற்றித் தெரிந்த அளவுக்கு உனக்குப் பட்டு தெரியாது, கோர்வை என்றால் என்னவென்று என்னிடம்தான் கேட்டாய். இன்று புடவையின் பின்பக்கத்தைத் திருப்பி, உடலும் கரையும் தனித்தனி நூலில் நெய்து கோத்த இடத்தை விரலால் தடவிக் காட்டுகிறாய். ஜரிகையை லேசாக உரசினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிய வேண்டும், பிளாஸ்டிக் ஜரிகையில் அது இருக்காது என்று புதுப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் நீதான். சரக்கு கொண்டுவரும் ஆரணி நெசவாளரிடம் நின்று கேட்டுக் கற்றுக்கொண்டாய், யாரும் உன்னை அனுப்பவில்லை. சிஎம்சிக்கு வைத்தியத்துக்கு வரும் வங்காளக் குடும்பங்களிடம் இந்தியில் விலையைச் சொல்லிவிடுகிறாய், அதுவும் நல்லது. இரண்டு மார்க் குறைத்தது சாயம், துவைக்கும் முறை இரண்டிலும் நீ இன்னும் அரைகுறை என்பதால்.

நேர்மை: 9. இதைத்தான் நான் அதிகம் எழுத வேண்டும். ஆடித் தள்ளுபடி நேரத்தில் அணைக்கட்டிலிருந்து ஒரு அம்மாவும் மகளும் நிச்சயதார்த்தப் புடவை எடுக்க வந்தார்கள். 6,800 ரூபாய் புடவை, பிடித்துப் போய் பணத்தை எடுத்துவிட்டார்கள். அது நாம் தவறுதலாக அசல் ஜரிகை அடுக்கில் வைத்த ஹாஃப் ஃபைன் ஜரிகை. "அம்மா, இது அந்த ஜரிகை இல்லை, இந்த விலைக்கு அது வராது" என்று நீ சொன்னதும் அவர்கள் ஒன்றும் வாங்காமல் படியிறங்கிப் போனார்கள். அன்று உன்னைத் திட்டினேன். ஐப்பசியில் அதே அம்மா முகூர்த்தத் துணி முழுவதும் எடுக்க வந்து உன்னைத்தான் கேட்டார். அவர் வராமலே போயிருந்தாலும் நான் திட்டியது தப்புதான், அதை இங்கே எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன். தப்பு அடுக்கில் வைத்த எங்களுடையது, நீ சரிசெய்தாய்.

ஒரு மார்க் ஏன் போச்சு என்றால், தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை ஒருவருக்கு சுங்குடி காட்டும்போது "சாயம் போகாது" என்று அவசரத்தில் சொல்லிவிட்டாய். அவர் வீட்டு வெள்ளைச் சட்டை பாழாகித் திரும்பி வந்தது. நீயே முன்னால் வந்து "நான்தான் சொன்னேன்" என்றாய், அதனால்தான் 9. தெரியாததற்குத் "தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல், கூட்டத்திலும்.

பண்டிகைக் கூட்டம்: 6. ரம்ஜான் இரவு பதினொரு மணிக்குக் கூட கோபப்படாமல் நின்றாய், பேர்ணாம்பட்டிலிருந்து வந்த குடும்பத்தின் குழந்தை காணாமல் போனபோது முதலில் வாசலுக்கு ஓடியதும் நீ. ஆனால் தீபாவளி வாரத்தில் ஒரே பார்ட்டிக்கு முக்கால் மணி நேரம், முப்பதுக்கு மேல் புடவை பிரித்துப் போட்டாய், நாலு குடும்பம் காத்திருந்தது, அதில் இரண்டு எழுந்து போய்விட்டது. முதலிலேயே என்ன விசேஷம், எவ்வளவுக்குள் என்று கேள், ஒரு தடவைக்கு நாலு புடவை போதும், பிடிக்காததை உடனே மடிக்கக் கொடு. ஜரிகைப் புடவை குவியலில் நசுங்கினால் மடிப்புக் கோடு போகாது. காத்திருப்பவர்களை நிமிர்ந்து பார்த்து "அஞ்சு நிமிஷம்மா" என்று சொன்னாலே பாதி பேர் உட்காருவார்கள். முடியவில்லை என்றால் பக்கத்துக் கவுண்டரிடம் பார்ட்டியைக் கொடு, விற்பனை உன் கணக்கில் வராமல் போகுமே என்று பயப்படாதே, அதைப் பாதியாகப் பிரித்து எழுத நான் ஏற்பாடு செய்கிறேன்.

இந்த 6-இல் எங்கள் பங்கும் இருக்கிறது. கடையில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டமே திருத்தினார்கள், நம் கவுண்டரில் ஸ்டூலும் உண்டு, ஆனால் பண்டிகை வாரத்தில் அதன் மேல் சரக்கு கட்டுதான் இருந்தது. நீ நாலு மணிக்கு மதியச் சாப்பாடு சாப்பிட்டாய். பொங்கலுக்கு அந்த ஸ்டூல் காலியாக இருக்கும், சாப்பாட்டு நேரத்தை நானே முறை போட்டுத் தருகிறேன்.

முதலாளிக்கு என் பரிந்துரை: தை முதல் இவரை முகூர்த்தப் பட்டுக் கவுண்டரில் போட வேண்டும், மாதம் 1,500 ரூபாய் கூட்ட வேண்டும். மார்கழியில் கல்யாணக் கூட்டம் இருக்காது, அப்போது சம்பளத்தோடு ஒரு நாள் ஆரணிக்கு அனுப்பித் தறியைப் பார்க்க வைக்கலாம்.

தங்கச்சி, இதில் எதுவாவது தப்பாகத் தெரிந்தால் திங்கட்கிழமை காலை கடை திறக்குமுன் வந்து சொல். அப்புறம் கையெழுத்துப் போடலாம்.