நூற்றுக்கு எத்தனை? கழிவு விலைக் கணக்கு

எல்லாரும் உட்கார்ந்தாச்சா? சரி, இன்றைக்கு விழுக்காடு. பயப்பட வேண்டாம், காசு எண்ணத் தெரிந்தால் போதும்.

ஒரு வெள்ளிக்கு எத்தனை காசு? நூறு. அதில் பத்து காசை எடுத்து வையுங்கள். அதுதான் 10 விழுக்காடு, நூற்றுக்குப் பத்து.

தேக்காவில் ஒரு சேலை 80 வெள்ளி. அட்டையில் '30% கழிவு' என்று சிவப்பில் எழுதியிருக்கிறது. முதலில் பத்து விழுக்காட்டைப் பிடியுங்கள். 80-ஐப் பத்தால் வகுத்தால் 8. முப்பது என்பது மூன்று பத்து. அப்படியானால் 8, 16, 24. எண்பதில் 24 போனால்? அக்கா, விரல் விட்டே எண்ணுங்கள், யாரும் சிரிக்க மாட்டோம். ஆமாம், 56 வெள்ளி.

இப்போது இன்னொரு கடை. அதே சேலை, அதே விலை. '20% கழிவு, உறுப்பினருக்கு மேலும் 10%.' இதுவும் முப்பதுதானே என்பீர்கள். நானும் ஒருமுறை அப்படித்தான் ஏமாந்தேன்! முதல் கழிவில் 16 போய் 64 ஆகிறது. அடுத்த பத்து விழுக்காடு அந்த 64-இல்தான், எண்பதில் இல்லை. 6 வெள்ளி 40 காசு குறையும். கட்ட வேண்டியது 57 வெள்ளி 60 காசு.

அப்புறம், '70% வரை' என்றால் அந்த 'வரை'யைப் பாருங்கள். பொடி எழுத்தில்தான் இருக்கும். எழுபது ஏதோ நாலு பொருளுக்கு, மற்றதற்குப் பத்தோ இருபதோ.

நோட்டை எடுங்கள். செருப்பு 45 வெள்ளி, 20 விழுக்காடு கழிவு. எவ்வளவு கட்டுவீர்கள்?