கைக்கடிகாரம்: முகப்புப் படத்துக்கான குறிப்பு

40 மி.மீ. ஸ்டீல் கைக்கடிகாரம், அடர்நீல டயல், பழுப்புத் தோல் பட்டை. சாம்பல் கல்லின் மேல் லேசாகச் சாய்ந்து நிற்கிறது. முட்கள் 10:10, நொடிமுள் 35-இல். 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ், எஃப் 11. ஃபோகஸை நகர்த்திப் பல படங்கள் எடுத்து இணைக்கவும். மணிக்குறிகளின் விளிம்பும் நிமிடக்கோடுகளும் ஊசிமுனைபோலத் தெரிய வேண்டும்.

மேலிருந்து பெரிய சாஃப்ட்பாக்ஸ். கண்ணாடியில் பிரதிபலிப்பது கறுப்பு அட்டை மட்டுமே. ஆனால் ஓரத்தில் மெல்லிய ஒளிக்கீற்று ஒன்று இருக்கட்டும். அதுவும் போனால் கண்ணாடியே இல்லாததுபோல் ஆகிவிடும்.

பட்டைக்குப் பக்கவாட்டில் தாழ்வான ஒளி: தோலின் நுண்துளைகள், தையல்நூலின் முறுக்கு, பக்கிள் அருகே மடிப்புச் சுருக்கம் எல்லாம் தெரிய வேண்டும். அப்புறம், ரீடச்சில் தூசியை மட்டும் நீக்குங்கள். தோலை வழவழப்பாக்க வேண்டாம்.