அரையாண்டுப் பணி மதிப்பீடு: ஜூனியர் டெவலப்பர், ஏப்ரல் – செப்டம்பர் 2025

தம்பி, வெள்ளிக்கிழமை உட்கார்ந்து பேசும் முன் இதைப் படித்துவிட்டு வாருங்கள். மதிப்பெண் 5க்கு. ஜூனியரிடம் எதிர்பார்ப்பது 3.

கோடிங்: 3. ஏப்ரலில் ஒரே ஃபங்ஷனில் 200 வரி எழுதிக்கொண்டிருந்தீர்கள். இப்போது பெயரைப் பார்த்தாலே எது என்ன வேலை செய்கிறது என்று தெரிகிறது. இப்படியே போகட்டும்.

டெஸ்டிங்: 2. அதிகம் பேச வேண்டியது இதைத்தான். ஜூலையில் பொள்ளாச்சி கொப்பரை வியாபாரிகளின் பில்லிங்கில் போன வரி இது:

```js
if (buyerGstin.slice(0, 2) === 33)
```

`slice` தருவது ஸ்ட்ரிங், 33 எண், `===` இரண்டையும் ஒன்றாக ஏற்காது. அதனால் தமிழ்நாட்டுக்குள் விற்ற சரக்குக்கும் இரண்டரை இரண்டரையாக சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி பிரியாமல் 5 சதவீத ஐஜிஎஸ்டி விழுந்தது, மொத்தத் தொகை மாறாததால் 14 பில் போகும்வரை யார் கண்ணிலும் படவில்லை. உங்கள் டெஸ்டில் இருந்தது 32 என்று தொடங்கும் ஒரே ஒரு பாலக்காட்டுப் பார்ட்டி. அது பாஸ் ஆகத்தான் செய்யும். அந்தப் புல் ரிக்வெஸ்டை அப்ரூவ் செய்தது நான், எனவே அந்தப் பிழைக்காக மதிப்பெண்ணைக் குறைக்கவில்லை. அதற்குப் பிறகு வந்த மூன்று டிக்கெட்டிலும் ஒரு பக்கத்தை மட்டும் சோதித்திருந்தீர்கள், குறைத்தது அதற்கு.

பொறுப்பு: 4. அன்றைக்கே 14 பில்லையும் பட்டியல் போட்டு, ஒவ்வொரு கடைக்கும் நீங்களே போன் செய்து, ரத்து செய்து புதிதாகப் போட்டுக் கொடுத்தீர்கள். யாரும் சொல்லிச் செய்யவில்லை. எனக்கு மிகவும் பெருமையாக இருந்தது.

தகவல் தொடர்பு: 3. கொழிஞ்சாம்பாறைக்காரர் என்பதால் வாளையாருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் மலையாள அழைப்பெல்லாம் உங்களிடமே வந்து சேர்கிறது, பொறுமையாகப் பேசுகிறீர்கள், அதற்கு மட்டும் என்றால் 4 போட்டிருப்பேன். ஆனால் அந்த நேரம் எந்த ஸ்பிரிண்ட் கணக்கிலும் வரவில்லை, அது சரியில்லை. அக்டோபரிலிருந்து வாரம் 4 மணி நேரத்தை அதற்கென்றே ஒதுக்கியிருக்கிறேன். டீமுக்குள்தான் சிக்கல். ஆகஸ்டில் ஆஃப்லைன் சிங்க் வேலையில் மூன்று நாள் மாட்டிக்கொண்டு, காலை மீட்டிங்கில் தினமும் "போய்க்கிட்டிருக்குண்ணா" என்றே சொன்னீர்கள். நான்காம் நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தோம், அரை மணி நேரத்தில் முடிந்தது. கேட்டால் தெரியாதவன் என்று நினைப்பார்களோ என்ற தயக்கம் வேண்டாம் தம்பி, இங்கே யாரும் அப்படி நினைக்கவில்லை.

மார்ச் வரை: ஒவ்வொரு டிக்கெட்டிலும் சரியாக வரும் கேஸ் ஒன்று, தவறாகப் போக வேண்டிய கேஸ் ஒன்று, இரண்டும் இல்லாமல் நான் அப்ரூவ் செய்ய மாட்டேன். ஒரே இடத்தில் 2 மணி நேரம் நின்றுவிட்டால் குரூப்பில் கேளுங்கள். ஈ-வே பில் மாட்யூலை டிசம்பரிலிருந்து முழுக்க நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். சம்மதமா, எங்கே உதவி வேண்டும் என்று யோசித்துக்கொண்டு வாருங்கள், அப்புறம் என்னிடம் நீங்கள் எதிர்பார்த்துக் கிடைக்காதது எதுவானாலும் அதையும் எழுதிக்கொண்டு வாருங்கள்.