பொருள்: பெங்களூரு வேலை குறித்தும், இனி வரும் அழைப்புகள் குறித்தும்

வணக்கம் கலைவாணி மேடம்,

நேற்று மாலை நீங்கள் அழைத்தபோது டெஸ்ட் லேபில் இருந்தேன். இன்னும் சந்தைக்கு வராத வண்டிகள் நிற்கும் இடம் என்பதால் கேமரா உள்ள போனை உள்ளே விடமாட்டார்கள். வாசலில் லாக்கரில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். வெளியே வந்து பார்த்தால் உங்கள் அழைப்போடு உங்கள் டீமிலிருந்து வேறு எண்களிலும் அழைப்புகள் இருந்தன. போனில் அவசரமாகப் பேசுவதைவிட எழுதினால் உங்களுக்கும் தெளிவாக இருக்கும் என்று தோன்றியது. நாம் எப்போதும் தமிழில்தான் பேசுகிறோம், அதனால் தமிழிலேயே எழுதுகிறேன்.

முதலில் நீங்கள் காத்திருக்கும் பதில். உங்கள் கன்சல்டன்சி வழியாக வந்த பெங்களூரு வேலை எனக்கு வேண்டாம், மேடம். யோசித்துச் சொல்கிறேன் என்று இழுத்தடித்தால் கிளையண்டிடம் நீங்கள் சங்கடப்பட வேண்டியிருக்கும். அதனால் "நாட் இன்ட்ரஸ்டட்" என்றே போட்டுவிடுங்கள். சம்பளத்தைக் கூட்டினால் வருவாரா என்று அவர்கள் கேட்டாலும் இதே பதில்தான்.

காரணம் சம்பளம் இல்லை. அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் நடக்கிறது. தம்பி வெளிநாட்டில் இருக்கிறான். அம்மா தனியாக ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைய முடியாது. எனவே இப்போதைக்குச் சென்னையை விட்டு நகர்வதாக இல்லை. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் ஆபீசுக்கு வந்தால் போதும் என்று உங்கள் டீமில் ஒருவர் சொன்னார். அந்த இரண்டு நாளும் டயாலிசிஸ் இல்லாத நாளாக அமையும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாதே.

இன்னொரு காரணம் வேலையே. நீங்கள் அனுப்பிய ஜேடியைக் கடைசி வரி வரை படித்தேன். தலைப்பில் எம்பெடட் என்றுதான் இருக்கிறது. ஆனால் உள்ளே கேட்டிருப்பது லினக்ஸ் டிரைவர் எழுதுகிறவரை, காரின் திரையில் பாட்டும் வரைபடமும் காட்டுகிற பகுதிக்கு. நான் செய்வது பிரேக் கன்ட்ரோலருக்கான மென்பொருள். இரண்டும் ஒரே காரில்தான் இருக்கின்றன, ஆனால் தொழில் வேறு. இன்டர்வியூவில் முதல் பத்து நிமிடத்திலேயே அது தெரிந்துவிடும். அப்புறம் "இவரை எதற்கு அனுப்பினீர்கள்" என்ற கேள்வி உங்களிடம்தான் வரும்.

இந்த இடத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன். சில மாதங்களாக வருகிற பொருந்தாத அழைப்புகள் பெரும்பாலும் இங்கிருந்துதான் கிளம்புகின்றன என்று நினைக்கிறேன். எம்பெடட் என்று தேடினால் மைக்ரோகன்ட்ரோலர் ஆட்களும் வருவார்கள், லினக்ஸ் ஆட்களும் வருவார்கள், பவர் பிஐ ரிப்போர்ட்டை வேறு தளத்துக்குள் பொருத்துகிறவர்களும் வருவார்கள். அந்தக் கடைசி வகை வேலைக்குக்கூட எனக்கு ஒருமுறை போன் வந்தது. ஆட்டோசார் என்று தேடினாலும் இதே சிக்கல் உண்டு. அதில் கிளாசிக், அடாப்டிவ் என்று இரண்டு இருக்கின்றன. கிளாசிக்கில் வேலை பெரும்பாலும் சி மொழியில், சின்ன கன்ட்ரோலர்களில். அடாப்டிவில் சி பிளஸ் பிளஸ், பெரிய பிராசஸர், லினக்ஸ் அல்லது அதுபோன்ற ஆபரேட்டிங் சிஸ்டம். நான் முழுக்க முழுக்க கிளாசிக் பக்கம். பிரேக் என்பதால் ஐஎஸ்ஓ 26262 தரப்படி உயர்ந்த பாதுகாப்பு நிலையில் வேலை செய்த அனுபவம் இருக்கிறது. டயக்னாஸ்டிக்ஸ், பூட்லோடர் இரண்டும் என் கையில்தான் இருக்கின்றன. ஜேடியில் இந்தச் சொற்கள் இருந்தால் அது எனக்கானது. இல்லாவிட்டால் அநேகமாக இல்லை.

உங்கள் டீமுக்கு உதவும் என்றால், ஆள் தேடும்போது இந்தத் தேடல் வரியை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். தளத்துக்குத் தளம் எழுதும் முறை கொஞ்சம் மாறும், ஆனால் கருத்து இதுதான்:

```
"Embedded C" AND ("Classic AUTOSAR" OR "UDS" OR "ISO 26262")
NOT ("Power BI" OR "Android" OR "Java")
```

என் பழைய ரெஸ்யூமின் கடைசிப் பக்கத்தில், கல்லூரி ப்ராஜெக்ட் என்ற வரியில் ஜாவா என்ற சொல் இருந்தது. உங்கள் டேட்டாபேஸில் இருப்பது அந்தப் பிரதியாகத்தான் இருக்க வேண்டும். ஜாவா டெவலப்பர் வேலைகளுக்கு எனக்கு அழைப்பு வருவதற்கு வேறு காரணம் தெரியவில்லை. புதிய ரெஸ்யூமை இந்த மெயிலோடு இணைத்திருக்கிறேன். பழையதை அழித்துவிட்டு இதை ஏற்றச் சொல்லுங்கள்.

அழைப்புகள் பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன், நீங்கள் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில். நீங்கள் அழைத்தால் எனக்குச் சிரமமே இல்லை. ஆனால் உங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் ஆளுக்கொரு எண்ணிலிருந்து அழைக்கிறார்கள். ஒவ்வொருவரும் மொத்த அனுபவம் எவ்வளவு, அதில் ரெலவன்ட் எவ்வளவு, இப்போதைய சிடிசி, எதிர்பார்க்கும் சிடிசி, நோட்டீஸ் பீரியட் என்று முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். ஒருவரிடம் சொன்னது அடுத்தவருக்குத் தெரிவதில்லை. நோட்டீஸ் 90 நாள் என்றதும் "இமீடியட் ஜாயினர் மட்டும்தான் வேண்டும்" என்று வைத்துவிடுகிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு நாளைக்கு இத்தனை பேரிடம் பேசியாக வேண்டும் என்று அவர்களுக்கு இலக்கு இருக்கும், அந்த அழுத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் அப்பாவை மிஷினில் படுக்கவைத்திருக்கும்போது தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் ஆஸ்பத்திரியிலிருந்தோ என்று பதறி எடுக்கிறேன். அதனால்தான் இந்த வேண்டுகோள்.

இனி வேலை விஷயமாக முதலில் போன் வேண்டாம், மேடம். வாட்ஸாப்பில் நான்கு தகவல் அனுப்பினால் போதும்: எந்த ஊர், நிரந்தர வேலையா அல்லது வேறு கம்பெனியின் பேரோலில் கான்ட்ராக்டா, சம்பள உச்சவரம்பு என்ன, 90 நாள் நோட்டீஸுக்குக் காத்திருப்பார்களா. ஜேடி இருந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள். பொருந்தினால் அன்று இரவுக்குள் நானே உங்களை அழைக்கிறேன். பொருந்தாவிட்டால் ஒரு வரியில் காரணத்தோடு பதில் போடுகிறேன். பதில் போடாமல் விடமாட்டேன். என் பெயருக்கு எதிரே "நித்யா: போன் வேண்டாம், கலைவாணி மூலம் மட்டும்" என்று ஒரு குறிப்புப் போட்டுவைத்தால் உங்கள் டீமில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. என்னிடம் கேட்காமல் என் ரெஸ்யூமை எந்த கிளையண்டுக்கும் அனுப்ப வேண்டாம். போன மாதம் ஹைதராபாத் கிளையண்டுக்கு என் பெயர் போயிருப்பதாக உங்கள் டீமில் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார். நான் சம்மதம் சொன்னதாக எனக்கு நினைவில்லை. போயிருந்தால் திரும்பப் பெற்றுவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள். ஒரே ஆளின் ரெஸ்யூம் இரண்டு வழியில் ஒரு கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. யார் முதலில் அனுப்பியது என்ற வழக்கில் ஆளையே ஒதுக்கிவிடுவார்கள். நாளைக்கு அதே கம்பெனி சென்னையில் நல்ல வேலை ஒன்றைத் திறந்தால் எனக்கும் கதவு மூடியிருக்கும், உங்களுக்கும் மூடியிருக்கும்.

இவ்வளவு எழுதுவது தொடர்பை முறித்துக்கொள்ள இல்லை, அதைக் காப்பாற்றிக்கொள்ளத்தான். இப்போது நான் இருக்கும் வேலை நீங்கள் வாங்கித் தந்தது. பழைய கம்பெனி என்னை விடுவிக்கத் தாமதித்தபோது, புதிய கம்பெனியின் ஹெச்ஆரிடம் நீங்கள்தான் பேசி எனக்காகச் சேரும் தேதியைத் தள்ளிவைத்தீர்கள். இன்னொரு ஆளைப் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர்கள் சொன்ன நேரத்திலும் நீங்கள் விட்டுக்கொடுக்கவில்லை. சேர்ந்த பிறகும் வேலை எப்படி இருக்கிறது, மேனேஜர் எப்படி என்று கேட்டு அழைத்தீர்கள். அப்படிக் கேட்ட கன்சல்டன்ட் எனக்குத் தெரிந்து நீங்கள் ஒருவர்தான். ஒரு ஆள் சேர்ந்தால் ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம்தான் உங்கள் கம்பெனிக்குக் கட்டணம் என்றும், சேர்ந்தவர் 90 நாளுக்குள் விலகினால் மறுபடி கட்டணம் வாங்காமல் மாற்று ஆள் தேடித்தர வேண்டும் என்றும் அப்போது நீங்கள் சொன்னது நினைவிருக்கிறது. பொருந்தாத வேலையில் நான் போய் உட்கார்ந்து பாதியில் எழுந்து வந்தால், அந்த உழைப்பு முழுவதும் உங்களுக்கு வீண்.

இப்போது நான் தீவிரமாக வேலை தேடவில்லை. கையில் இருக்கும் ப்ராஜெக்ட் அடுத்த ஏப்ரலில் உற்பத்திக்குப் போகிறது. அதுவரை நடுவில் விட்டுவிட்டு வர மனம் இல்லை. அதற்குப் பிறகு டெக்னிக்கல் லீட் பொறுப்பில், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் அல்லது ஓஎம்ஆர் பக்கம், நிரந்தர வேலையாக ஏதாவது வந்தால் கட்டாயம் பேசலாம். பிரேக், ஸ்டியரிங், பேட்டரி மேனேஜ்மென்ட் மூன்றில் எதுவானாலும் சரி. முழுநேர நைட் ஷிப்ட் மட்டும் வேண்டாம். அப்படி ஒன்று வந்தால் வேறு யாருக்கும் முன்னால் உங்களிடம்தான் பேசுவேன்.

பெங்களூரு வேலைக்கு ஆள் கிடைக்காமல் நீங்கள் அல்லாடுவது தெரியும். என்னோடு முன்பு வேலை பார்த்த ஒரு தம்பி ஏற்கெனவே பெங்களூரில்தான் இருக்கிறார், லினக்ஸ் டிரைவர் எழுதுகிறவர், மாறும் யோசனையிலும் இருக்கிறார். அவரிடம் கேட்டுவிட்டேன், எண்ணைத் தரலாம் என்றார். ஆனால் அவர் மாலை 7 மணிக்கு மேல்தான் பேச முடியும் என்கிறார். இந்த மெயில் கிடைத்ததும் சொல்லுங்கள், எண்ணை வாட்ஸாப்பில் அனுப்பிவிடுகிறேன். அந்த ஜாவா வேலைகளின் ஜேடிகளையும் கூடவே அனுப்பிவையுங்கள், எங்கள் கல்லூரி வாட்ஸாப் குழுவில் போடுகிறேன். அங்கே ஜாவா ஆட்கள் நிறைய இருக்கிறார்கள்.

அன்புடன்,
நித்யா
சோழிங்கநல்லூர்