ஆலை இணைப்புத் திட்டமிடல் கூட்டம்: நடவடிக்கைக் குறிப்பு

நாள்: 12.02.2025, புதன், காலை 10.30
இடம்: பர்கூர் மாங்கூழ் ஆலை அலுவலகம்

வந்தவர்கள்: நிர்வாக இயக்குநர் (தலைமை), பர்கூர், காவேரிப்பட்டினம் ஆலை மேலாளர்கள், கணக்கு மேலாளர், தரக் கட்டுப்பாட்டு அலுவலர், கொள்முதல் அலுவலர், மனிதவள அலுவலர், ஆடிட்டர். ஏற்றுமதி அலுவலர் சென்னையிலிருந்து போனில் பேசினார்.

1. பதிவும் வரியும்
காவேரிப்பட்டினம் நிறுவனத்தை நம்மோடு இணைக்கும் தீர்ப்பாய உத்தரவின் சான்றிட்ட நகல் 7-ம் தேதி கைக்கு வந்தது. 30 நாளுக்குள் INC-28 படிவத்தில் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். கடைசி நாள் வரை இழுக்காமல் 20-ம் தேதிக்குள் முடிப்பது ஆடிட்டர் பொறுப்பு. அது முடிந்தபின் காவேரிப்பட்டினம் ஆலையை நம் ஜிஎஸ்டி பதிவில் கூடுதல் இடமாகச் சேர்ப்பதும், மீதமுள்ள உள்ளீட்டு வரியை ITC-02 மூலம் மாற்றுவதும் கணக்கு மேலாளர் பொறுப்பு. அந்த மாற்றம் முடியும்வரை பழைய ஜிஎஸ்டி பதிவை ரத்து செய்ய விண்ணப்பிக்கக் கூடாது என்று ஆடிட்டர் இரண்டு முறை சொன்னார்.

2. உணவு உரிமமும் லேபிளும்
அதிக நேரம் போனது இதில்தான். காவேரிப்பட்டினம் ஆலைக்கு நம் நிறுவனப் பெயரில் உணவுப் பாதுகாப்பு உரிமம் வேண்டும். பெங்களூரா வரத்து சூடுபிடிக்கும் முன், அதாவது ஏப்ரல் முடிவுக்குள், அது கையில் இல்லாவிட்டால் அங்கே அரைக்க முடியாது. முழுச் சுமையும் பர்கூர் லைன்மேல் விழும். பொறுப்பு: தரக் கட்டுப்பாட்டு அலுவலர். உரிம எண் வந்தபிறகே டப்பா, டிரம் லேபிள்கள் அச்சுக்குப் போகும். பழைய லேபிள்மேல் ஸ்டிக்கர் ஒட்டிச் சமாளிக்கலாம் என்று காவேரிப்பட்டினம் மேலாளர் கேட்டார். தரக் கட்டுப்பாட்டு அலுவலர் ஒத்துக்கொள்ளவில்லை. ஏற்றுமதிச் சரக்கில் விளையாட வேண்டாம் என்று தலைவரும் முடித்துவிட்டார். வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்குப் புதிய லேபிள் மாதிரியை ஏற்றுமதி அலுவலர் அனுப்புவார்.

3. விவசாயிகள், மண்டிகள்
வாங்குகிற இரண்டு ஆலை ஒன்றாகிவிட்டது, இனி விலையை அடிப்பார்கள் என்ற பேச்சு சந்தூர், போச்சம்பள்ளி பக்கம் ஏற்கெனவே கிளம்பிவிட்டதாகக் கொள்முதல் அலுவலர் சொன்னார். நாம் வாய் திறக்காவிட்டால் அந்தப் பேச்சுதான் நிற்கும். ஆகவே மார்ச் முதல் வாரத்தில் அவரே நேரில் போய்ப் பேசுவார். இரண்டு ஆலை வாசலிலும் எடை மேடை தொடரும், பழைய பாக்கி முழுவதையும் நாமே தருவோம் என்று உறுதி சொல்லலாம். விலை பற்றி மட்டும் யாரும் வாக்குக் கொடுக்கக் கூடாது; அதைத் தலைவர் மட்டுமே பேசுவார். பாக்கிப் பட்டியலைக் கணக்கு மேலாளர் பிப்ரவரி 25-க்குள் தராவிட்டால் இந்தப் பயணம் தள்ளிப்போகும்.

4. தொழிலாளர்கள்
பணிமூப்பு, பிஎஃப் எண் எதுவும் மாறாது. இதை நோட்டீஸ் பலகையில் ஒட்டினால் போதாது, ஷிப்ட் வாரியாகச் சொல்ல வேண்டும் என்று மனிதவள அலுவலர் கேட்டார், ஏற்கப்பட்டது. 17-ம் தேதி இரு ஆலையிலும் அந்தந்த மேலாளரை வைத்துக்கொண்டு அவரே பேசுவார். சீசனுக்கு வரும் பெண்களுக்கு மேஸ்திரிகள் வழியே சொல்லப்படும். யாருக்காவது வேலை போகுமா என்று கேட்டால், ‘போகாது’ என்பதே எல்லோரும் சொல்ல வேண்டிய பதில்.

5. இருப்புக் கணக்கு
இரு ஆலையின் டிரம் இருப்பையும் மேலாளர்கள் மாற்றி மாற்றி எண்ணி, மார்ச் 10-க்குள் ஒரே பட்டியலாகத் தருவார்கள்.

அடுத்த கூட்டம்: 26.02.2025, காவேரிப்பட்டினம் ஆலை, காலை 10.30. உரிம விண்ணப்பத்தின் ஒப்புகைச் சீட்டோடு தரக் கட்டுப்பாட்டு அலுவலர் வர வேண்டும்.