சரவணனுக்குத் தைப்பூச வாழ்த்து

வேலும் மயிலும் துணை

அன்புள்ள சரவணன்,

உங்களுக்கும் விமலாவுக்கும் அம்மாவுக்கும் எங்கள் தைப்பூச நல்வாழ்த்துகள். நேர்ந்துகொண்டபடி காவடி மலையேறி, பால் முருகன் சன்னதியில் சேரட்டும். அதற்கு மேல் வேண்டிக்கொள்ள எங்களுக்கும் வேறு ஒன்றும் இல்லை.

கார்த்திகை கடைசி நாளில் காப்புக் கட்டினீர்கள். மார்கழி முழுதும், தைப் பொங்கலும் தாண்டி நாளை மறுநாள் பூசம். நடுவில் ஆண்டிறுதி விருந்து, புத்தாண்டு, வேலையிடத்தில் இரவு ஷிஃப்ட் எல்லாம் வந்து போயின. ஒருவேளைச் சாப்பாடு, பாய்ப் படுக்கை, விடியுமுன் குளியல் என்று நாற்பத்தெட்டு நாளும் ஒழுங்கு தப்பவில்லை. பத்துமலையில் கூட்டம் பார்ப்பது சில மணி நேரத்துக் காவடியை. கனமான பகுதியை நீங்கள் ஏற்கனவே சுமந்து முடித்துவிட்டீர்கள். இதில் விமலாவுக்கும் பாதிப் பங்கு உண்டு. வெங்காயம் பூண்டு இல்லாமல் தினமும் தனியாகச் சமைத்து, பூசைச் சாமான் துலக்கி, பிள்ளைகளையும் பள்ளிக்கு அனுப்பியவர் அவர். அவருக்கும் எங்கள் வணக்கம்.

“பால் காவடிதானா, அலகு குத்தவில்லையா?” என்று யாரோ கேட்டதாக விமலா சொன்னார். அதைக் காதிலேயே போட்டுக்கொள்ள வேண்டாம். அம்மா அறுவை சிகிச்சை முடிந்து எழுந்து நடந்தால் மூன்று ஆண்டு பால் காவடி எடுக்கிறேன் என்றுதான் முருகனிடம் சொன்னீர்கள். சொன்னது எதுவோ அதுதான் நேர்த்தி. அடுத்தவர் பேச்சுக்காக அதில் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். இடும்பன் தோளில் இருந்ததும் ஒரு தண்டும் இரண்டு பக்கத்துச் சுமையும்தான். காவடியின் பழைய வடிவத்துக்கு உங்களுடையதே பக்கத்தில் நிற்கிறது.

வாழ்த்தோடு, கடைசி இரண்டு நாளுக்கான சில காரியங்களையும் எழுதுகிறோம். தெரிந்ததாகவே இருந்தாலும், அன்றைக்கு உங்கள் மனம் வேறெங்கோ இருக்கும். அதனால் துணைக்கு வரும் தம்பிகளும் இதைப் படித்துவிடட்டும்.

முதலில் செம்பு. பித்தளைச் செம்பைப் புளி போட்டுத் துலக்கினால் பளபளக்கும். ஆனால் கழுத்து வளைவில் புளி துளி ஒட்டியிருந்தாலும் பால் திரிந்துவிடும். சனிக்கிழமை மாலையே துலக்கி, சுடுதண்ணீர் ஊற்றி இரண்டு முறை அலசி, கவிழ்த்துக் காய வையுங்கள். பாலை வீட்டிலிருந்தே செம்பில் ஊற்றிக்கொண்டு வர வேண்டாம். நம் ஊர்ப் புழுக்கத்தில், அதுவும் பித்தளையில், சில மணி நேரத்திலேயே கெட்டுப்போகும். ஐஸ் போட்ட பெட்டியில் பால் எங்களோடு வரும், ஆற்றங்கரையில் பூசைக்கு உட்காரும்போது ஊற்றிக்கொள்ளலாம். செம்புக்கு அரை லிட்டர், இரண்டுக்கும் சேர்த்து ஒரு லிட்டர். சிந்தினால் வேண்டியிருக்கும் என்று இன்னொரு லிட்டர் தனியாக இருக்கும். கழுத்துக்கு இரண்டு விரல் கீழே நிறுத்துங்கள். தளும்பத் தளும்ப ஊற்றினால் பாதி வழியிலேயே வேட்டியில்தான் அபிஷேகம்.

மஞ்சள் துணியை நேராகச் செம்பின் வாயில் கட்டினால் ஒவ்வொரு அசைவுக்கும் துணி பாலை உறிஞ்சி வெளியே சொட்ட விடும், மஞ்சளும் பாலில் இறங்கும். வாழை இலையை வட்டமாக நறுக்கி, தணலில் ஒரு வாட்டு வாட்டி வாயில் வைத்து, அதன் மேல் துணியைப் போட்டு நூலால் இறுக்குங்கள். வாட்டாத இலை மடிப்பில் கிழியும். இரண்டு செம்பும் ஒரே எடையாக இருக்கட்டும். ஒரு பக்கம் கனத்தால் அரை மணி நேரத்தில் கழுத்துப் பிடித்துக்கொள்ளும். செம்பைத் தண்டோடு ஒட்ட இறுக்கிக் கட்டிவிட்டால் தண்டு சாயும்போதெல்லாம் செம்பும் சாய்ந்து சிந்தும். கயிறு ஒரு சாண் நீளத்துக்குத் தொங்கட்டும். அதைவிட நீண்டால் ஆட்டம் அதிகமாகிவிடும்.

தண்டின் அடிப்பக்கத்தை ஒருமுறை கையால் தடவிப் பாருங்கள். வளைவை அடித்த ஆணியின் முனை உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும், கண்ணுக்குத் தெரியாது, தோளுக்குத்தான் தெரியும். மயிற்பீலி கட்டிய இடத்தையும் சற்று ஆட்டிப் பாருங்கள். கூட்ட நெரிசலில் முதலில் பிய்வது அதுதான். தோளுக்கு நாலாக மடித்த பருத்தித் துண்டு போதும். பட்டுத் துண்டு வியர்வையில் வழுக்கும்.

சனிக்கிழமை வெறும் வயிறாக இருக்க வேண்டாம். பக்தி மிகுதியில் பலர் அன்று தண்ணீரைக்கூட நிறுத்திவிடுகிறார்கள். கூட்டத்தில் மயங்கி விழுவோரில் அப்படிப்பட்டவர்கள்தான் அதிகம். மதியம் வழக்கமான ஒருவேளைச் சாப்பாடு, மாலையில் உப்புப் போட்ட மோர் இரண்டு டம்ளர், இளநீர் ஒன்று. இதில் விரதம் கெடாது. படுக்குமுன் காலை வெந்நீரில் நனைத்து நகம் வெட்டிக்கொள்ளுங்கள். பாதத்தில் எண்ணெயோ கிரீமோ தடவ வேண்டாம், படியில் வழுக்கும்.

ரதம் வெள்ளிக்கிழமை இரவு ஜாலான் துன் எச். எஸ். லீ மாரியம்மன் கோயிலில் புறப்பட்டுச் சனிக்கிழமைக்குள் பத்துமலை சேர்ந்திருக்கும். நாம் ஞாயிறு அதிகாலை இரண்டரைக்கு உங்கள் வீட்டு வாசலிலிருந்து கிளம்புவோம். காரில் போனால் நிறுத்த இடம் தேடியே நேரம் போகும். செந்தூலிலிருந்து கொமுட்டரில் ஏறினால் கடைசி நிலையமே பத்துமலை. ஆற்றில் குளித்து, பூசை முடித்து, நாலரைக்குள் காவடியைத் தோளில் ஏற்றினால் வெயில் வருமுன் மேலே இருக்கலாம். தாமதமானால் தார்ச்சாலை சுடும். வெறுங்காலுக்கு அது வேண்டாத சோதனை.

எடுத்த காவடியைத் தரையில் இறக்கக்கூடாது என்பது உங்களுக்கே தெரியும். அதனால் மஞ்சள் துணி போர்த்திய ஒரு முக்காலியைக் குமார் தூக்கி வருவான். தோள் மாற்றும்போது மட்டும் நிற்க வேண்டும், நடந்துகொண்டே மாற்றக்கூடாது. பின்முனையை ஒருவர் பிடித்துக்கொண்ட பிறகுதான் கழுத்தைத் தாழ்த்த வேண்டும். உடுக்கையும் உறுமியும் சேர்ந்து ஏறும்போது உங்களுக்கு அருள் வந்தால் தம்பிகள் இழுத்துப் பிடிக்க வேண்டாம். சுற்றி வளையமாக நின்று, யார் மேலும் தண்டு படாமல் பார்த்துக்கொண்டால் போதும். விபூதி பூசுவதைப் பெரியப்பா பார்த்துக்கொள்வார். கைப்பேசியில் படம் எடுப்பதை ஒருவரோடு நிறுத்திக்கொள்வோம். ஆளாளுக்கு முன்னால் ஓடிவந்து பின்பக்கமாக நடந்துகொண்டு படம் எடுப்பது எங்களுக்கு எப்போதுமே பிடிக்காத காரியம்.

படி 272. செங்குத்தும் அதிகம், படியின் அகலமும் குறைவு, முழுப் பாதமும் பதியாது. முன்பக்கச் செம்பு மேல்படியில் இடிக்கும், அதனால் ஏறும்போது தண்டின் முன்முனையைச் சற்றுத் தூக்கிப் பிடியுங்கள். முன்னால் போனவர்கள் சிந்திய பால் வண்ணப்படியில் கண்ணுக்குத் தெரியாது. ஒரு தம்பி இரண்டு படி முன்னால் போய்ப் பார்த்துச் சொல்வான். ஒரே மூச்சில் ஏற வேண்டும் என்று யாரும் விதித்துவிடவில்லை. நெரிசல் தானாகவே நிறுத்தும், நின்ற இடத்தில் மூச்சை விட்டு “வேல் வேல்” என்று சொல்லிக்கொண்டிருங்கள். 1920இல் மரப்படி போடுவதற்கு முன்பும் இதே குகைக்கு ஆட்கள் ஏறிக்கொண்டுதான் இருந்தார்கள். 1892 முதல் அங்கே தைப்பூசம் நடக்கிறது. அந்த வரிசையில் இந்த ஆண்டு நீங்களும் ஒருவர்.

குரங்குகளை மறக்க வேண்டாம். வாழைப்பழமும் தேங்காயும் பிளாஸ்டிக் பையில் தெரிந்தால் பறித்துவிடும். அர்ச்சனைச் சாமான் துணிப்பையில், வாயைக் கட்டி, உள்பக்கம் நடப்பவர் கையில் இருக்கட்டும்.

பால் சேர்ந்த பிறகுதான் உண்மையில் கவனம் வேண்டும். சுமை குறைந்து, மனமும் நிறைந்து, ஆள் அசந்துவிடுவார். ஏறும்போது நடுங்காத தொடை இறங்கும்போது நடுங்கும். அவசரப்படாமல் குகைக்குள் கொஞ்ச நேரம் உட்காருங்கள். இரண்டு வாய் இளநீர் குடித்துவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு, பாதத்தைச் சற்றுப் பக்கவாட்டில் வைத்து இறங்கலாம். காவடியை அப்போது தம்பிகள் வாங்கிக்கொள்வார்கள்.

அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை. தன் பிள்ளை தனக்காகக் காவடி எடுப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அவருக்கு இருக்கும், அது நியாயம்தான். ஆனால் இதயத்தில் அறுவை செய்து ஓராண்டு ஆகாத உடம்புக்கு அந்த நெரிசலும் புகையும் ஆகாது. வீட்டில் நீங்கள் காவடிக்குப் பூசை போடும்போது அம்மா கையால் விபூதி வாங்கிக்கொள்ளுங்கள். செம்பின் மேல் அவரே பூ வைக்கட்டும். கூட்டம் ஓய்ந்த பிறகு ஒரு வாரநாள் காலையில் நாங்களே அவரைக் காரில் அழைத்துப் போகிறோம். படியேற வேண்டியதில்லை, அடிவாரத்தில் நின்றாலே 42.7 மீட்டர் முருகன் கண் நிறையத் தெரிவார்.

வீடு திரும்பியதும் பசி எடுக்கும். எண்ணெய்ப் பலகாரத்தில் ஆரம்பிக்காமல் கஞ்சியும் மோரும் முதலில். காப்பை அவிழ்ப்பதும் கவிச்சி சேர்ப்பதும் மூன்றாம் நாள் இடும்பன் பூசை முடிந்த பிறகுதான் என்று உங்கள் வீட்டு வழக்கம். அன்றைய பூசைக்கு வாழை இலையும் இளநீரும் எங்கள் பொறுப்பு, விமலா அதற்காகக் கடைக்கு அலைய வேண்டாம்.

ஞாயிறு அதிகாலை இரண்டே காலுக்கு நாங்கள் வந்துவிடுவோம். ஐஸ் பெட்டி, முக்காலி, மாற்று வேட்டி, துண்டு இரண்டு, எலுமிச்சம்பழம், கற்பூரம் எல்லாம் எங்களிடம் இருக்கின்றன. செம்பும் காவடியும் நீங்களும் தயாராக இருந்தால் போதும்.

வெற்றி வேல் முருகனுக்கு அரோகரா!

அன்புடன்,
கதிரவனும் மாலாவும்
செந்தூல், 30 ஜனவரி 2026